முன் ரூம் கடை: எங்க குடும்ப குரூப்ல ஓடின பேச்சு

செல்வி: தை பிறந்ததும் முன் ரூம்ல மளிகைக் கடை போடலாம்னு இருக்கோம். 10க்கு 12 அடி. தெருவுல நின்னா நடுவீடு தாண்டி அடுப்படி வரைக்கும் தெரியுது. முட்டி ஆபரேஷன் ஆன அத்தை நடுவீட்டுக் கட்டில்லதான் படுத்திருக்காங்க. என்ன பண்ணட்டும்?

பெரியம்மா: வாடகைக்கா விடப் போற? தெரியாத ஆளுக்கு விடாதம்மா.

செல்வி: இல்ல பெரியம்மா, நானேதான் நடத்தப் போறேன்.

குமார்: ரோட்டுச் சுவரை 8 அடி உடைச்சு ஷட்டர் போடு அக்கா. உள்கதவுக்கு ஒரு திரை மாட்டுனா போதும்.

ராஜு மாமா: ரோட்டுச் சுவர்ல இருக்கிற ஜன்னல் 4 அடி அகலம்தான்ப்பா, மேல சுவரைத் தாங்குற லிண்டலும் அதுக்கேத்ததுதான். 8 அடி உடைச்சா புது லிண்டல் போட்டு ரெண்டு பக்கமும் அரை அடியாவது சுவத்துல உக்கார வைக்கணும். அதோட ஷட்டர்னா வர்றவங்க ரூமுக்குள்ளயே வந்துருவாங்க. ஜன்னலையே கடையாக்கு செல்வி. அதுக்குக் கீழ அடிச்சுவர் எவ்வளவு உயரம்?

செல்வி: உள்ள ரெண்டரை அடி. தெரு ஒன்றரை அடி பள்ளம் மாமா.

ராஜு மாமா: அப்ப வெளிய நிக்கிறவங்களுக்கு 4 அடி. சின்னப் பிள்ளைக்குக் கை எட்டாது. ஜன்னலுக்குக் கீழ ஒரு அடி மட்டும் எடு. ஜன்னலுக்குக் கீழ இருக்கிற அந்த அடிச்சுவர் கூரை பாரத்தைத் தாங்கல, பயமில்ல. நீ உள்ள முக்காலில உக்காந்து வியாபாரம் பண்ணலாம். உள்கதவுக்கு மூணு அடி முன்னால 6 அடி ரேக்கைக் குறுக்க நிறுத்து. முதுகுப் பக்கம் பிளைவுட் அடிச்சிரு. சுத்தி வந்தாத்தான் உள்ள போக முடியும், பார்வையும் அங்கயே நின்னுரும்.

குமார்: திரையே போதும் மாமா, செலவு கம்மி.

ராஜு மாமா: பகல்ல சரி. ராத்திரி நடுவீட்டு லைட்டு கடை லைட்டை விடப் பிரகாசமா இருந்தா மெல்லிசுத் துணில உள்ள நடமாடுறது அப்படியே தெரியும். ஃபேன் காத்துல விலகவும் செய்யும்.

பெரியம்மா: நான் முன் ரூம்ல தையல் போட்டப்ப தண்ணி கேட்டுட்டு நேரா அடுப்படிக்கே வந்துருவாங்க. அப்புறம் வாசல்லயே குடமும் டம்ளரும் வச்சேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் உள்ள வரல.

செல்வி: இது எனக்குத் தோணவே இல்ல பெரியம்மா, வச்சிடுறேன். பசங்க பக்கவாட்டுச் சந்து கதவு வழியா வந்து போகட்டும். ஆனா அத்தை கட்டிலை மாத்த மாட்டேங்கிறாங்க, தெருவைப் பாத்துட்டே படுக்கணுமாம்.

ராஜு மாமா: ரேக் வச்சா தெரு மறைஞ்சிருமே. அவங்ககிட்ட முதல்ல கேட்டுக்கோ.

குமார்: ஃப்ரிட்ஜ் வீட்டு மீட்டர்லயே ஓடட்டும். 100 யூனிட் ஃப்ரீதானே?

ராஜு மாமா: அது வீட்டு உபயோகத்துக்குடா. இ.பி. ஆபீஸ்ல கேட்டு கடைக்குத் தனி மீட்டர் வாங்கிடுங்க. வீட்டு மீட்டர்லயே கடையை ஓட்டி மாட்டிக்கிட்டா அபராதம் கட்டணும்.

செல்வி: சரி மாமா. இன்னிக்கு ராத்திரி 7 மணிக்கு எல்லா லைட்டையும் போட்டுட்டு தெருவுல நின்னு போட்டோ எடுத்து அனுப்புறேன். என்ன தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க.