மூன்று ‘எல்’ வடிவங்களில் எதைப் பார்ப்பது?

புதுவாசகி: அமெரிக்கச் சிற்பி ராபர்ட் மோரிஸ் 1965-இல் செய்த மூன்று ‘எல்’ வடிவங்களின் புகைப்படத்தைப் பார்த்தேன். மூன்றும் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். செதுக்கலும் இல்லை, உருவமும் இல்லை. பார்க்க வருபவர் இதில் எதைப் பார்க்க வேண்டும்?

கோடும்கோணமும்: வடிவத்தைத்தான். கதை, உணர்ச்சி, கைத்திறன் அனைத்தையும் நீக்கி, அடிப்படை வடிவத்தை மட்டும் விட்டுவைப்பதே மினிமலிசம். ‘எல்’ என்று மனம் கண்டுகொண்ட கணத்திலேயே படைப்பு முழுவதும் நம்மிடம் வந்துவிடுகிறது.

மேற்குவாசல்: நீக்கியவற்றைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் வடிவம் மட்டுமே போதுமென்றால் மோரிஸ் ஒன்றோடு நிறுத்தியிருப்பார். அவர் மூன்று செய்து, மூன்றையும் வெவ்வேறு நிலையில் வைத்தார். ஒன்று தரையில் படுத்திருக்கிறது. ஒன்று ஒரு கையைத் தரையில் ஊன்றி மறு கையை நிமிர்த்தி நிற்கிறது. மூன்றாவது, கூரை முகடு போல, இரண்டு விளிம்புகள் மட்டும் தரையைத் தொட நிற்கிறது. ஒவ்வொரு கையும் 8 அடி நீளம், 2 அடி கனம். ஆகவே படுத்திருப்பது நம் முழங்காலைச் சற்றே தாண்டுகிறது, நிமிர்ந்திருப்பது நம் தலைக்கு மேலே போகிறது. மூன்றும் ஒன்றே என்று அறிவு உறுதியாகச் சொல்லும்போதும், படுத்திருப்பது கனத்து அழுந்துவதாகவும், விளிம்பில் நிற்பது விறைத்து நிற்பதாகவும் கண்ணுக்குத் தெரிகிறது. அறிந்ததும் காண்பதும் ஒத்துப்போக மறுக்கும் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். நடந்து பார்த்தால்தான் அது பிடிபடும் என்பதால், புகைப்படத்தில் சகோதரிக்கு ஒன்றும் கிடைக்காததில் வியப்பில்லை.

உளிக்காரர்: நான் கடைகளுக்குக் காட்சிப் பெட்டிகள் செய்பவன். சந்தையில் கிடைக்கும் பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி. அந்த 8 அடியைப் பார்த்ததும் இது எங்கள் வேலை என்று தோன்றியது. இவ்வளவு பெரிய வெற்றுப் பரப்பில் ஒரு மூட்டு நூலளவு விலகினாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். அப்படியானால் பார்க்க வேண்டியது வேலையின் சுத்தத்தையா, ஐயா?

மேற்குவாசல்: மோரிஸைப் பொறுத்தவரை அதற்கு நேரெதிர். மூட்டிலும் மர ரேகையிலும் கண் தங்கிவிடக்கூடாது என்பதற்குத்தான் அந்தச் சாம்பல் பூச்சு உதவுகிறது. அவருடைய பிளைவுட் படைப்புகள் பின்னாளில் மறுபடியும் செய்யப்பட்டன. முதல் பலகைதான் வேண்டும் என்ற பிடிவாதம் அங்கு இல்லை. நீங்கள் சொல்லும் கவனம் இன்னொரு மினிமலிசக் கலைஞரான டொனால்ட் ஜட்டுக்குப் பொருந்தும். அவரிடம் பரப்பும் விளிம்புமே பார்வைக்குரியவை.

எதிர்க்கரை: இந்த விளக்கமே என் மறுப்புக்குச் சான்றாகிறது. நான் நடப்பதாலும், என் உயரத்தாலும், அறையின் வெளிச்சத்தாலும்தான் அனுபவம் உண்டாகிறது என்றால், அந்தப் பொருள் ஒரு சாக்குத்தான். கலை விமர்சகர் மைக்கேல் ஃபிரைட் 1967-இல் இதை நாடகத்தன்மை என்று கண்டித்தார். அவர் போற்றிய ஆன்தனி காரோவின் சிற்பங்களில் உறுப்புக்கு உறுப்பு உள்ள உறவு படைப்புக்குள்ளேயே இருக்கிறது; நான் போனாலும் அது அங்கேயே இருக்கும். கல்யாண மண்டபத்துத் தூணைச் சுற்றி நடந்தாலும் எனக்கு இதே அனுபவம் கிடைக்குமே!

மேற்குவாசல்: ஃபிரைடின் விவரிப்பைவிடத் துல்லியமான ஒன்றை மினிமலிசத்தின் நண்பர்கள்கூட எழுதியதில்லை என்பது என் எண்ணம், அவருடைய தீர்ப்பைத்தான் ஏற்க இயலவில்லை. மண்டபத்துத் தூணுக்குப் பக்கத்தில் அதே தூண் படுத்துக் கிடப்பதில்லை. டெக்சாஸின் மார்ஃபாவில் ஜட் 1982 முதல் 1986 வரை நிறுவிய நூறு அலுமினியப் பெட்டிகளையும் எண்ணிப் பாருங்கள். பழைய பீரங்கிக் கொட்டகைகள் இரண்டில், கதவுகள் இருந்த நீண்ட சுவர்களில் சன்னல்களை வைத்து, உள்ளே அவற்றை வரிசையாக நிறுத்தினார். வெளி அளவு நூறுக்கும் ஒன்றே. உட்பிரிப்பு ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றில் தகடு சாய்வாகக் குறுக்கிடுகிறது, இன்னொன்றில் ஒரு பக்கம் திறந்திருக்கிறது. வெயில் நகர நகர, ஒரு தகடு கண்ணாடிபோல் வெளியை வாங்கிக்கொள்கிறது, அடுத்தது மங்கிப்போகிறது. இந்த வேறுபாடுகளை ஜட் பெட்டிக்குள்ளேயே அமைத்திருக்கிறார். பார்ப்பவர் கொண்டுவந்தவை அல்ல.

எதிர்க்கரை: ஜட்டின் பெட்டிகளைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்; அங்கே பார்ப்பதற்குப் பொருள் இருக்கிறது. ஆனால் சிற்பி டோனி ஸ்மித் 1962-இல் வடிவமைத்த கனசதுரத்தில் ஒப்பிட இரண்டாவது இல்லை, உட்பிரிப்பும் இல்லை. எஃகு, எப்பக்கமும் 6 அடி, அவ்வளவுதான்.

மேற்குவாசல்: அந்த 6 அடியைத் தாண்டாத எவருக்கும் அதன் மேல்முகம் தெரியாது. எங்கே நின்றாலும் பக்க முகங்களில் இரண்டுக்கு மேல் ஒருசேரக் காண முடியாது. கனசதுரம் என்று நாம் சொல்வது கண்ணால் முழுதாகப் பார்த்த ஒன்றை அன்று.

எதிர்க்கரை: அது என் உயரத்தைப் பற்றிய செய்தி, ஐயா; கனசதுரத்தைப் பற்றியதன்று.