ஸ்கெட்ச் பிளேனுக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

திலகா:
ஃப்ரீகேடுங்குற 3D டிசைன் சாஃப்ட்வேருக்கு ஒரு சின்ன கையேடு எழுதுறேன், முதல் பாகம் வரையுறதுக்கு முன்னாடியே மாட்டிக்கிட்டேன். புது பாடி போட்டாலே அதுக்குள்ள ஒரிஜின், மூணு அச்சு, மூணு தளம் தானா வந்துடுது, அதுல ஒண்ணத் தொட்டாத்தான் ஸ்கெட்ச் திறக்குது. ஒரிஜினுக்கு ஆதிப்புள்ளின்னு பள்ளிக்கூட புக்லயே இருக்கு. ஸ்கெட்ச் பிளேனுக்கு 'அடித்தளம்' ஓகேவா?

குமரன்:
ஓகேதான். XY எப்பவும் தரை, Z மேல. தரையில வரைஞ்சு மேல இழுக்குறோம், அவ்ளோதானே.

வள்ளி:
குமரன், ஃப்ரீகேடுல Z மேலதான். ஆனா சாலிட்வொர்க்ஸ்ல ஃப்ரண்ட் பிளேன்தான் XY, மேல போறது Y. அதுல இருந்து STL எடுத்து 3D பிரிண்டர் சாஃப்ட்வேர்ல திறந்தா பாகம் படுத்துக்கிட்டு வரும்.
திலகா, 'அடித்தளம்'னு போட்டா எல்லாரும் தரையிலதான் ஆரம்பிப்பாங்க. ஒரு L பிராக்கெட் எடுத்துக்கோ, அடிப்பாகம் 60 நீளம் 40 அகலம், 6 மி.மீ. தடிமன். L வடிவம் பக்கத்துல இருந்து பாத்தாத்தான் தெரியும், அதனால XZ-ல வரையணும், L-ஓட வெளி மூலைய ஆதிப்புள்ளியில வச்சு, பேட்ல 40 இழுத்து சிமெட்ரிக் போடு. ரெண்டு பக்கமும் 20, 20ன்னு போயிடும், அப்புறம் XZ தளமே கண்ணாடி மாதிரி, ஒரு ஓட்டை போட்டு மிரர் பண்ணா மறு ஓட்டை வந்துடும். ஓட்டைக்கு XY-லயே ஸ்கெட்ச் வை. முதல்ல ஒண்ணுமே வெட்டாது, ஏன்னா பாக்கெட் கீழ் நோக்கிப் போகும், பாகம் மேல இருக்கு. ரிவர்ஸ்டு டிக் பண்ணு.
என் ஓட்டு 'வரைதளம்'.

முருகேசன்:
எங்க CNC ஷாப்புல வைஸ் மூலைய தொட்டு G54 எடுப்போம், அதுதான் ஜீரோ. நடுவுல ஒரிஜின் வச்சு டிராயிங் குடுக்காதீங்கப்பா, மூலையிலயே வைங்க.

வள்ளி:
அண்ணே, அது மிஷின்ல ஓட்டும்போது வைக்குற வொர்க் ஜீரோ, CAM சாஃப்ட்வேர்ல தனியா மாத்திக்கலாம். டிசைன் பண்றவருக்கு சமச்சீர்தான் வசதி.

ரஞ்சன்:
எங்கட இலங்கைப் பாடப்புத்தகத்தில ஆள்கூறு, உற்பத்தி எண்டுதான் இருக்கு, ஆதிப்புள்ளி எண்டா எங்கட பிள்ளையளுக்கு விளங்காது, ரெண்டையும் போடுங்கோ. வரைதளம் எண்டா எனக்கு வரையிற தாள் மாதிரிக் கேக்குது. இன்னொண்டு, பாகத்தின்ர பரப்பிலயும் ஸ்கெட்ச் வைக்கலாமே, அதையும் தளம் எண்டு சொல்லுறதோ?

வள்ளி:
நல்ல கேள்வி. அது முகம், கனசதுரத்துக்கு ஆறு முகம்னு படிச்சோம்ல. அத கண்டிப்பா பிரிக்கணும். முகத்துல வச்ச ஸ்கெட்ச், பின்னாடி போய் ஆரம்ப ஸ்கெட்ச்ச மாத்தினா, முகத்தோட நம்பர் மாறி வேற எங்கயாவது ஒட்டிக்கும், இல்ல எரர் காட்டும். 2024-ல வந்த 1.0-ல இது ரொம்பக் குறைஞ்சிருக்கு, முழுசா போகல. ஒரிஜின் தளம் எப்பவும் நகராது.

திலகா:
அப்போ முகமோ தளமோ, எதுமேல வரையுறோமோ அதுக்கு வரைதளம்னு இப்போதைக்கு எழுதுறேன், ரஞ்சன் அண்ணாவுக்கு வேற தோணினா சொல்லுங்க. நாமளே உண்டாக்குற டேட்டம் பிளேனுக்கு இன்னும் ஒண்ணும் சிக்கல.