கிரெடிட் நோட்டின் தேதியை நம்பிய வருடம்

பச்சை மை:
ஆண்டு முடிவை ஒட்டி விற்பனையை ஊதிக் காட்டியதை நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள்? முதலில் என் அனுபவம்.

நாங்கள் தணிக்கை செய்தது, விநியோகஸ்தர்கள் வழியாகப் பொருள் விற்கும் ஒரு நிறுவனம். 11 மாதங்கள் சராசரியாக 1,000 பெட்டி விற்றவர்கள், கடைசி மாதம் 1,800 விற்றிருந்தார்கள். அதில் 700 கடைசி ஐந்து நாளில் போனவை. ஆண்டு மொத்தம் 12,800. முந்தைய ஆண்டு 12,300. மேலாளர்களின் போனஸுக்கு 4 சதவீத வளர்ச்சி வேண்டும், அதாவது 12,792 பெட்டி. எட்டே பெட்டி மிச்சத்தில் இலக்கைத் தாண்டியிருந்தார்கள். அந்த நெருக்கம்தான் என்னை உறுத்தியது.

விற்ற பொருள் திரும்பி வந்தால், அந்தத் தொகையைக் கழித்து வாடிக்கையாளருக்குப் போடுவது கிரெடிட் நோட். வழக்கம்போல அடுத்த ஆண்டின் முதல் இரண்டு மாத கிரெடிட் நோட்டுகளை எடுத்தோம். வெறும் 40 பெட்டி! சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று கோப்பை மூடவிருந்தோம். அப்புறம் கிடங்குக்குப் போன எங்கள் ஜூனியர், ஒரு மூலையில் பழைய பேட்ச் எண்ணோடு பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

கேட் பதிவேட்டை வாங்கிப் பார்த்தோம். முதல் மாதத்தின் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் 520 பெட்டி திரும்பி வந்திருந்தது. கணினியில் வரவு ஏறவில்லை. எங்கள் அறிக்கை கையெழுத்தான பிறகு, மூன்றாம் மாதத்தில் கிரெடிட் நோட் போடுவதாக இருந்திருக்கிறது.

செந்தூரம்:
இதற்கு எளிய வழி இருக்கிறதே. ஆண்டு முடிந்த பிறகு வரும் எல்லா கிரெடிட் நோட்டையும் பழைய ஆண்டு விற்பனையில் கழித்துவிட்டால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பச்சை மை:
பாதி சரி. ஆனால் புது ஆண்டில் விற்று புது ஆண்டிலேயே திரும்பியதும் அதில் கலந்திருக்கும். ஒவ்வொரு திரும்பலையும் அது எந்த இன்வாய்ஸிலிருந்து வந்தது என்று கட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் 520-இல் 480 பெட்டிதான் அந்த ஐந்து நாள் இன்வாய்ஸ்களைச் சேர்ந்தவை. கிரெடிட் நோட் வரைவுகளில் இன்வாய்ஸ் எண்ணுக்குப் பதில் ‘பொதுச் சரிக்கட்டல்’ என்று போட்டிருந்ததால், பேட்ச் எண்ணை வைத்துத்தான் பொருத்தினோம். 480-ஐக் கழித்ததும் விற்பனை 12,320 ஆனது. வளர்ச்சி கிட்டத்தட்ட பூஜ்யம். விற்பனையோடு வரவேண்டிய பாக்கியையும் குறைத்து, அனுப்பிய சரக்கின் அடக்கத்தைச் செலவிலிருந்து எடுத்து மறுபடி இருப்பில் சேர்த்தோம்.

மழைக்குருவி:
எனக்கும் கிரெடிட் நோட்டில் ஒரு பிரச்சினை. வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிய பொருளுக்கு நாங்கள் வரியைக் குறைத்துப் போட்டோம், அவர் அவருடைய கணக்கில் குறைக்கவே இல்லை. இதற்கு யார் பொறுப்பு?

பச்சை மை:
அது வரிக் கணக்கை ஒப்பிடும் விஷயம், தனியாகக் கேளுங்கள். இங்கே கேள்வி, விற்பனை உண்மையில் நடந்ததா என்பது.

கடலோடி:
நான் பார்த்தது ரிபேட்டில், அதாவது வாங்கும் அளவுக்கு ஏற்ப வாடிக்கையாளருக்குத் தரும் தள்ளுபடியில். ஆண்டுக்கு 1,000 பெட்டி வரை வாங்கினால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் 8. அந்த 8, முதல் பெட்டியிலிருந்தே கணக்கு. ஒரு வாடிக்கையாளர் 940-இல் நின்றிருந்தார். கடைசி வாரத்தில் 100 பெட்டியைத் தள்ளி 1,040 ஆக்கினார்கள். விற்பனையை ஏற்றினார்கள், ஆனால் ரிபேட் ஒதுக்கீடு பழைய 5-லேயே இருந்தது. பெட்டிக்கு விலை 100 என்று வைத்தால் 5,200 ஒதுக்கியிருந்தார்கள். வேண்டியது 8,320. ஆகவே கடைசி மாதம் எகிறினால், அதனால் யார் யார் அடுத்த படிக்கு ஏறினார்கள் என்று பாருங்கள். ஒப்பந்தத்தை வாடிக்கையாளரிடமிருந்தே நேராக வாங்குவதும் நல்லது. நிறுவனம் தந்த பிரதியில் இல்லாத ஒரு பக்கம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

செந்தூரம்:
சரி, 480-க்கு ஒப்புக்கொள்கிறேன். அந்த 700-இல் மீதி 220 என்ன ஆயிற்று?

பச்சை மை:
அங்கேதான் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. ‘விற்காவிட்டால் 90 நாளுக்குள் திருப்பலாம்’ என்று விற்பனைப் பிரிவு மின்னஞ்சலில் உறுதி தந்திருந்தது. அப்படியானால் எவ்வளவு திரும்பும் என்ற மதிப்பீட்டில் தவறா, அல்லது 700-மே விற்பனையே இல்லையா? வருவாயை எப்போது காட்டலாம் என்று சொல்லும் சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 15-இன்படி, பின்னால் பெரிய அளவில் தலைகீழாகாது என்று வலுவாகச் சொல்ல முடிந்த அளவுக்குத்தான் வருவாயாகக் காட்டலாம். விநியோகஸ்தர்களின் விற்பனைப் பட்டியலை வாங்கினோம். 150 பெட்டி கடைகளுக்குப் போய்விட்டதற்கு ஆதாரம் கிடைத்தது. மீதி 70-க்கு இல்லை, கெடுவும் முடியவில்லை. நான் அதையும் கழிக்கச் சொன்னேன். என் பார்ட்னர், வழக்கமான திரும்பல் விகிதத்தை மட்டும் கழித்தால் போதும் என்றார்.

கடலோடி:
நானாக இருந்தால் 70-ஐயும் எடுத்திருப்பேன். 480 திரும்பி வந்த பிறகு வழக்கமான விகிதத்தை எப்படி நம்புவது?