புதுப்பிப்பு: உபுண்டுவில் சிங்க் நின்ற விவகாரம்

போன கிழமை கேட்டது: "விண்டோஸில் ஏற்றின பைல் என் உபுண்டுவில் மட்டும் இறங்குதில்லை, ஏன்?"

சரி, பிடிபட்டுவிட்டது. களுவாஞ்சிக்குடி அண்ணன் சொன்னபடி பாதையைச் சுருக்கினேன், பலனில்லை. முழுப் பாதைக்கு 260 எழுத்து என்ற அந்தக் கணக்கு விண்டோஸுடையது. கல்முனை அக்கா லாக்கைப் பார்க்கச் சொன்னார். அதில் `File name too long` என்று இருந்தது. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். தமிழில் 'கூ' எழுதினாலே ககரத்துக்கு 3, ஊகாரக் குறிக்கு 3, ஆக 6 பைட் போய்விடும். எங்கள் கோயில் கூட்டக் குறிப்பின் பெயரை அளந்தேன்:

```
printf %s "$f" | wc -c
```

271! விண்டோஸ் பைட்டை எண்ணாததால் அங்கே சிக்கவில்லை. அங்கேயே பெயரை வெட்டினேன், உடனே இறங்கியது.

அக்கரைப்பற்றுத் தம்பி, நீங்கள் சொன்னபடி உங்களுக்கு எல்லாக் கணினியிலும் சிங்க் மெதுவென்றால் அது வேறு கோளாறு. எனக்கும் சின்னப் பெயருள்ள இரண்டு கோப்புகள் இன்னும் அசையவில்லை.