‘கிளீன் பிளேட்’டுக்குத் தமிழ் என்ன?

வசந்தன், ஹட்டன்

எல்லோருக்கும் வணக்கம். ‘கிளீன் பிளேட்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கிறோம். புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் படப்பிடிப்புக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன், இந்தச் சொல்லில் வந்து நின்றுவிட்டேன். ‘தூய தட்டு’ என்று போட்டேன். வாசித்த தங்கச்சி, “யார் கழுவினது?” என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். கதை 1965இல் நடக்கிறது, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்த மறுவருடம். ஒரு பாட்டி தகரப் பெட்டியோடு தோட்டத்து ரோட்டில் இறங்கிப் போகிறார். கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு எடுத்தோம். ரோட்டை மறிக்க முடியாது, அது ஊருக்கே வழி. 14 விநாடி ஷாட்டில் ஒரு ஆட்டோ கடக்கிறது, கடை வாசலில் இன்னொன்று நின்று சாமான் இறக்குகிறது, ஹெல்மெட் போட்ட ஒருவர் போகிறார். 1965இல் இவர்களுக்கு வேலையில்லை. அதனால் கேமராவை அசைக்காமல், ஆளும் வண்டியும் இல்லாத அதே இடத்தைத் தனியாக எடுத்துவைத்து, வேண்டாதவர்கள் மேல் அந்தத் துண்டை ஒட்டி மறைக்கிறோம். அப்படி எடுக்கும் வெறும் இடத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

குணசீலன், மாத்தளை

தம்பி வசந்தன், ‘பின்திரை’ என்ற பழைய சொல் இருக்கிறதே. நாடக மேடையில் காடும் அரண்மனையும் தீட்டித் தொங்கவிடுவார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

டிலக்‌ஷன், எல்ல

அண்ணன், சொல் ஒரு பக்கம் இருக்கட்டும். வெறும் இடத்தைத் தனியாக எடுக்கவே தேவையில்லை. ஒன்பது வளைவுப் பாலத்தில் எப்போதும் கூட்டம். நான் முக்காலியில் வைத்து நிறையப் படம் எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நடுமதிப்பை எடுப்பேன். நடக்கிற ஆளெல்லாம் காணாமல் போய்விடும். ImageMagick இருந்தால் ஒரே வரி:

```
magick frame_*.tif -evaluate-sequence median plate.tif
```

‘நடுமதிப்புப் படம்’ என்றே சொல்லிவிடுங்கள்.

வசந்தன், ஹட்டன்

ஐயா, பின்திரை என்றால் தீட்டித் தொங்கவிடுவது. இது அதே இடத்தில், அதே கேமராவில் எடுத்தது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் பிள்ளைகள் துணி வாங்கப் போய்விடுவார்கள்.

டிலக்‌ஷன், அந்த வரியை எங்கள் 14 விநாடிக்கு ஓட்டிப் பார்த்தேன். விநாடிக்கு 25 பிரேம் என்று 350 பிரேம். கடந்துபோன ஆட்டோவும் ஹெல்மெட்காரரும் சுத்தமாகப் போய்விட்டார்கள். கடை வாசலில் நின்ற ஆட்டோ மட்டும் அப்படியே, பளிச்சென்று, நம்பர் பிளேட்டோடு இருக்கிறது. பாட்டி சற்று நின்று பெட்டியைக் கை மாற்றிய இடத்தில் சேலை நிறத்தில் லேசாக ஒரு கறையும் விழுந்திருக்கிறது.

மீனாட்சி, பண்டாரவளை

அந்த ஆட்டோ எத்தனை விநாடி நின்றது தம்பி? ஏழுக்கு மேல் என்றால் போகாது. நடுமதிப்புக்கு எது ஆட்டோ, எது சுவர் என்று தெரியாது. பாதிக்கு மேல் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். பாதிக்கு மேல் ஆட்டோ இருந்தால் அதுதான் பின்னணி.

டிலக்‌ஷன் சொல்வது பாதி சரி. பாலத்தில் ஆட்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள், அதனால் சரியாக வருகிறது. பஸ் ஹோல்டில் வரிசை நிற்கும் இடத்தில் செய்து பார், வரிசை முழுதாக மிஞ்சும். இன்னொன்று, அடுத்தடுத்த 60 பிரேம் எடுத்தால் மொத்தம் இரண்டரை விநாடிகூட இல்லை, அதற்குள் யார் எங்கே போய்விடுவார்? நான்கு விநாடிக்கு ஒன்றாக நான்கு நிமிடத்துக்கு 60 எடுத்தால் கதையே வேறு.

ஆளில்லாத இடத்தைத் தனியாக எடுத்தால் பாதி நேரம் காலியாக இருக்க வேண்டும் என்ற கணக்கே கிடையாது. ஒவ்வொரு இடமும் ஒரே ஒரு தடவை காலியாக இருந்தால் போதும், அதுவும் எல்லா இடமும் ஒரே நேரத்தில் வேண்டாம். ஆட்டோ கிளம்பியதும் கடை வாசல் காலி, பஸ் போனதும் வளைவு காலி. ஓடவிட்டுக்கொண்டே இருந்து, துண்டு துண்டாகச் சேர்க்கலாம். வசந்தன், நீங்கள் வெறும் இடத்தை எடுத்தீர்களா இல்லையா?

வசந்தன், ஹட்டன்

எடுத்தோம் அக்கா, அதுதான் கதையே. ஷாட் முடிந்ததும் எடுக்கவில்லை. பாட்டியாக நடித்தவருக்குத் தேத்தண்ணி, பிறகு அதே கோணத்தில் அடுத்த இரண்டு ஷாட், கடைசியில் “ஐயோ, வெறும் இடம் எடுக்கவில்லையே” என்று 40 நிமிடம் கழித்து 20 விநாடி எடுத்தோம். முக்காலி அசையவில்லை, போகஸ் கையால் பூட்டியது, வெள்ளைச் சமநிலையும் பூட்டியது. ஆனால் அதற்குள் மூட்டம் ஏறிவிட்டது. ஆட்டோ மேல் ஒட்டினால் பால் ஊற்றின மாதிரி ஒரு சதுரம் தெரிகிறது.

பிரதீபா, நுவரெலியா

எனக்கும் இதே பிரச்சினை. கிறகரி வாவிக்கரையில் கல்யாண ஜோடியைக் கையில் பிடித்த கேமராவோடு சுற்றிச் சுற்றி எடுத்தேன். பின்னால் குதிரைச் சவாரிக்காரர்கள். அவர்களை எடுக்க இந்த முறை சரிவருமா? மாப்பிள்ளை வீட்டார் தினமும் போன் பண்ணுகிறார்கள்.

மீனாட்சி, பண்டாரவளை

பிரதீபா, கேமரா நகர்ந்தால் கிட்டேயிருக்கும் மரமும் தூரத்துக் கரையும் வேறுவேறு வேகத்தில் நகரும். ஒரு வெறும் படத்தை அப்படியே மேலே வைத்தால் பொருந்தாது. ஒவ்வொரு பிரேமையும் தடம்பிடித்து நகர்த்த வேண்டும். குதிரை இரண்டு மூன்று ஷாட்டில்தான் என்றால் அவற்றை வெட்டிவிடுங்கள். உங்களுக்கும் நல்லது, குதிரைக்கும் நல்லது.

வசந்தன், ஒட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வெறும் இடத்தை ஷாட்டுக்கு மேலே வைத்து, கலக்கும் முறையை `Difference` என்று மாற்றுங்கள். இரண்டும் ஒன்றான இடம் கறுப்பாகும். ஆளும் வண்டியும் மட்டும் மின்னினால் கவலையில்லை. கூரை விளிம்பு, கம்பம், படிக்கட்டு எல்லாவற்றிலும் மெல்லிய கோடு தெரிந்தால் கேமரா ஒரு இழை நகர்ந்திருக்கிறது. முக்காலியில் வைத்தும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைக்காதவர்களுக்கு இது அடிக்கடி வரும். கோடில்லாமல் பரப்பு முழுக்கச் சாம்பலாக இருந்தால் வெளிச்சம் மாறியிருக்கிறது. தேயிலை மட்டும் மினுமினுத்தால் காற்று.

வெளிச்சம் மட்டும் மாறியிருந்தால் சரிக்கட்டலாம். கடைச் சுவரில் ஓர் இடத்தை அளந்து பாருங்கள். வெறும் இடத்தில் சிவப்பு 0.42, நீலம் 0.40 என்றும், ஷாட்டில் 0.34, 0.36 என்றும் வருகிறது என்று வையுங்கள். சிவப்பை 0.81ஆலும் நீலத்தை 0.90ஆலும் பெருக்க வேண்டும். மேகம் மறைத்தால் இருளோடு நீலமும் கூடும், அதனால்தான் இரண்டு எண். அளப்பதையும் பெருக்குவதையும் நேரியல் ஒளிக்கு மாற்றிய பிறகு செய்யுங்கள், இல்லாவிட்டால் சுவர் சரியாகி நிழல் கெட்டுப்போகும்.

மூட்டம் வேறு சாதி. அது ஒளியைக் குறைக்கிறது, அதோடு தன் வெள்ளையையும் சேர்க்கிறது. கடைக் கதவுக்குள் இருக்கும் கறுப்பு ஷாட்டில் 0.02, உங்கள் வெறும் இடத்தில் 0.09 என்று இருக்கும். முதலில் கறுப்பைக் கழித்து இறக்கிவிட்டுப் பிறகு பெருக்க வேண்டும். கடை வாசலுக்கு அது போதும், ஏனென்றால் அந்த ஆட்டோ முழுதும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் நிற்கிறது. பின்னாலிருக்கும் மலைக்குப் போதாது. தூரம் கூடக் கூட மூட்டத்தின் அளவும் மாறும். முழுதாக மறைந்த மலையை எந்தக் கணக்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆட்டோவின் நிழலையும் ஈர ரோட்டில் தெரியும் அதன் பிரதிபலிப்பையும் சேர்த்து மாஸ்க் வரையுங்கள். வண்டி போய் நிழல் மட்டும் நின்ற ஷாட்டுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

வசந்தன், ஹட்டன்

அக்கா, கறுப்பை இறக்கினதும் சதுரம் போய்விட்டது. ஆனால் ஓடவிட்டுப் பார்த்தால் அந்தத் துண்டு மட்டும் செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு பிரேமை நிறுத்தி ஒட்டினேன்.

மீனாட்சி, பண்டாரவளை

அது இரைச்சல். மற்ற இடமெல்லாம் மணல் மணலாகத் துடிக்கும்போது ஒரு துண்டு மட்டும் உறைந்து நின்றால் கண் உடனே பிடித்துவிடும். சுவரும் ரோடும் என்றால் பல பிரேம்களைச் சராசரி எடுத்து இரைச்சலை நீக்கி, மேலே ஷாட்டின் அளவுக்கு மணலைத் தூவுங்கள். துண்டுக்குள் தேயிலை வந்தால் நிறுத்தாதீர்கள், 20 விநாடியையும் ஓடவிடுங்கள். பக்கத்துச் செடி ஆடும்போது இந்தச் செடி மட்டும் ஆடாமல் நிற்கக் கூடாது.

அடுத்த தடவை, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நம் மலையில் ஐந்து நிமிடம் என்பதே நீண்ட நேரம்.

குணசீலன், மாத்தளை

நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன். இப்போது விளங்குகிறது. நீங்கள் இருவரும் ‘வெறும் இடம், வெறும் இடம்’ என்று பத்துத் தடவை எழுதிவிட்டீர்கள். சொல் அதற்குள்ளேயே இருக்கிறது. வெறுங்கை, வெறுங்கால் மாதிரி ‘வெறுங்களம்’. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடித்து, ஆளெல்லாம் மலைக்கு ஏறினதும் ஒரு வெறுமை இருக்குமே, மண்ணும் கொட்டகையும் மட்டும் மிஞ்சி. என் அம்மா அந்தக் களத்தில் நின்றவர். எனக்கு அந்தப் படம்தான் வருகிறது.

டிலக்‌ஷன், எல்ல

ஐயா, களம் என்றால் இடம். நம் கையில் இருப்பது இடம் இல்லை, படம். ‘வெற்றுப்படம்’ என்பதுதானே சரி?

மீனாட்சி, பண்டாரவளை

வெற்றுப்படம் என்றால் எனக்கு ஒன்றுமே இல்லாத கறுப்புப் பிரேம்தான் ஞாபகம் வரும். இதில் மலை, கடை, தேயிலை எல்லாம் இருக்கின்றன, ஆள்தான் இல்லை. படப்பிடிப்பில் ‘மாஸ்டர் எடுத்தாச்சா’ என்கிறோம், யாரும் ‘மாஸ்டர் படம்’ என்பதில்லை. அதேபோல ‘வெறுங்களம் எடுத்தாச்சா’ என்று கேட்கலாம். என் ஓட்டு அதற்கு. ஆனால் டிலக்‌ஷன் கணக்குப் போட்டு எடுப்பதற்கு வேறு பெயர் வேண்டும். எடுத்ததையும் கணித்ததையும் ஒரே பெயரில் கோப்பில் வைத்தால், எதில் ஆட்டோ மிஞ்சியிருக்கும் என்று தெரியாமல் திண்டாடுவோம்.

குணசீலன், மாத்தளை

கணித்ததைக் ‘கணிகளம்’ எனலாமா? துண்டு சேர்த்ததை ‘ஒட்டுக்களம்’?

டிலக்‌ஷன், எல்ல

ஒட்டுக்களம் பிடித்திருக்கிறது. கணிகளம் வேண்டாம் ஐயா, வாயில் நிற்கவில்லை. வெறுங்களத்தையும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வசந்தன், ஹட்டன்

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே மடுவத்துக்குப் போனோம். டேக் முடிந்ததும் “எல்லாரும் ஒதுங்குங்க, வெறுங்களம்!” என்று கத்தினேன். எங்கள் ஆட்கள் ஓரமாக ஒதுங்கிவிட்டார்கள். ரோட்டில் வந்த பெரியவர் ஒருவர் மட்டும் பிரேமுக்கு நடுவில் நின்று, “இன்னைக்கு பெரட்டு இல்லையா தம்பி?” என்று கேட்டார். அவர் போகும் வரை நிறுத்தாமல் ஓடவிட்டேன். ஐயா சொன்ன ஒட்டுக்களத்துக்கு இடது பக்கம் முதல் பத்து விநாடியிலும் வலது பக்கம் கடைசியிலும் கிடைத்துவிட்டது. கிளாப் பலகையில் இப்போதைக்கு ‘வெ.க. 7’ என்று எழுதியிருக்கிறேன். டிலக்‌ஷன் ஜெயித்தால் க-வை அழித்துவிட்டு ப போட்டுக்கொள்ளலாம்.