முட்டு எப்போது எடுக்கலாம்? தேதி சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். இன்று, மார்ச் 12 புதன்கிழமை, எங்கள் வீட்டுத் தளத்துக்கு கான்கிரீட் போட்டோம். கடைசிச் சட்டி விழும்போது மாலை ஏழு மணி.

28 நாள் எந்தத் தேதி என்பதிலேயே குழப்பம். மேஸ்திரி இன்றைய நாளையும் சேர்த்து எண்ணி ஏப்ரல் 8 என்கிறார். இன்றை பூஜ்யமாக வைத்து நான் எண்ணினால் ஏப்ரல் 9 வருகிறது. 28 நாள் என்பது சரியாக நாலு வாரம், புதன் போட்டால் புதனில்தான் முடிய வேண்டும். அதனால் என் கணக்கே சரி என்று நினைக்கிறேன்.

ஆனால் சென்ட்ரிங் பிரிக்க 28 நாள் காத்திருக்கத் தேவையில்லை என்பது தெரியும். பீம் பக்கப் பலகையை நாளை மாலைக்குமேல் எடுத்துவிடலாம். தளத்தின் இடைவெளி 4 மீட்டர், அதற்கு முட்டு 7 நாள், அதாவது மார்ச் 19 மாலை. பீம் 5 மீட்டர், அதன் அடி முட்டுக்கு 14 நாள், மார்ச் 26 மாலை.

சந்தேகம் இங்கேதான். இந்த நாட்கள் சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்குச் சொல்வது. நாங்கள் போட்டது பி.பி.சி. அது ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வலுப்பெறும். இதே சிமெண்டில் தளம் போட்டவர்கள் எத்தனை நாள் கூடுதலாக விட்டீர்கள்? ஆறு கியூப் எடுத்து வைத்திருக்கிறோம். மூன்றை ஏழாம் நாள் உடைத்துப் பார்த்தால், எம்20 கலவைக்கு எவ்வளவு வந்தால் தள முட்டைத் தைரியமாக எடுக்கலாம்? மேலே இப்போதே செங்கல் அடுக்கலாம் என்கிறார்கள், எனக்கு மனசே வரவில்லை.