ஜீ.பி.ஏ., வீதம், வகுப்பு: மூன்றையும் நூறுக்கு மாற்றினால் பட்டியல் தலைகீழாகிறது. உதவி வேண்டும்

கொட்டகலைக்காரி:

ஹட்டன் பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆளணி வேலை பார்க்கிறேன். இரண்டு திட்ட உத்தியோகத்தர் இடங்களுக்கு 58 விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. நேர்முகத்துக்குப் பத்துப் பேரைத்தான் கூப்பிட முடியும். பட்டப் பெறுபேறுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்ததால் எல்லாவற்றையும் நூறுக்கு மாற்றிவிடலாம் என்று எக்செலில் இப்படிப் போட்டேன். C என்பது பெற்றது, D என்பது உச்சம்.

```
=C2/D2*100
```

பிறகு 70க்குக் கீழே உள்ளவர்களை விலக்கினேன். இப்போது பார்த்தால் ஏதோ இடிக்கிறது. இங்குள்ள அரச பல்கலைக்கழகத்தில் 4க்கு 3.42 எடுத்தவருக்கு 85.5 வருகிறது. தமிழ்நாட்டில் படித்து வந்தவருக்கு 10க்கு 7.4, அதாவது 74. கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் பிரித்தானியப் பட்டம் படித்தவருக்கு 66, அவர் வெளியே. இன்னொருவர் 2009இல் பட்டம் பெற்றவர். சான்றிதழில் இலக்கமே இல்லை, "இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு" என்று மட்டும் இருக்கிறது. அவருக்கு என்ன போடுவதென்று தெரியாமல் 50 போட்டேன், அவரும் வெளியே. முகாமையாளர் வெள்ளிக்கிழமை பட்டியல் கேட்கிறார். எங்கே பிழை?

தலவாக்கலை தம்பி:

அக்கா, இதற்கு நம்மிடமே வழி இருக்கிறதே. உயர்தரத்தில் இசட் புள்ளி எதற்குக் கொண்டு வந்தார்கள்? கஷ்டமான பாடத்தையும் லேசான பாடத்தையும் ஒரே தராசில் போடத்தானே. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சராசரியையும் நியம விலகலையும் எடுத்து இசட் போடுங்கள். 3.42உம் 66உம் தானாக ஒரே அளவுக்கு வந்துவிடும்.

கொட்டகலைக்காரி:

தம்பி, சராசரியை எங்கிருந்து எடுப்பது? எனக்கு வந்த விண்ணப்பங்களில் பிரித்தானியப் பட்டக்காரர்கள் மூன்று பேர்தான்.

தலவாக்கலை தம்பி:

அந்த மூன்று பேரை வைத்தே போடலாமே?

பழைய பதிவாளர்:

வேண்டாம் தம்பி. யோசனையின் அடிப்படை சரி, ஆனால் இங்கே பலிக்காது. உயர்தரத்தில் ஒரு பாடத்துக்குத் தோற்றிய அத்தனை பேரின் புள்ளியும் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. இங்கே இருப்பது விண்ணப்பித்த மூன்று பேர். அந்த மூவரும் கெட்டிக்காரர்களாக இருந்தால் அவர்களில் ஒருவர் கட்டாயம் சராசரிக்குக் கீழே போவார். மூவரும் சுமாரானவர்களாக இருந்தால் ஒருவர் சும்மாவே மேலே போவார். உங்கள் இசட் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. யார் யாருடன் சேர்ந்து விண்ணப்பித்தார்கள் என்பதைத்தான் சொல்லும்.

மகளே, உங்கள் பிழை பெருக்கல் வகுத்தலில் இல்லை. 4க்கு 3.42 என்பது நூற்றுக்கு 85.5 புள்ளி அல்ல. ஜீ.பி.ஏ. என்பது தரங்களின் சராசரி. நூற்றுக்கு எழுபத்துச் சொச்சம் எடுத்தாலே முழு 4.00 கிடைக்கிற இடங்கள் உண்டு. ஆகவே அந்த அளவுகோலில் உச்சத்தைத் தொடுவது லேசு. பிரித்தானிய முறையில் 70 எடுத்தாலே முதலாம் வகுப்பு, 60 முதல் 69 வரை மேற்பிரிவு. அங்கே 85 எடுப்பவரை விரல் விட்டு எண்ணலாம். இரண்டும் நூறில் முடிகின்றன என்பதற்காக இரண்டும் ஒரே நூறு ஆகிவிடாது.

நம்பிக்கை வராவிட்டால் ஒன்று செய்து பாருங்கள். சான்றிதழில் உள்ள வகுப்பைத் தனி நிரலில் எழுதி அதன்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே வகுப்புக்காரர்கள் உங்கள் நூறில் எவ்வளவு தூரம் சிதறியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கொட்டகலைக்காரி:

பார்த்தேன் சேர். 85.5 வந்தவரும் 66 வந்தவரும் இருவருமே இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு! நான் ஒருவரை முதலிடத்தில் வைத்து மற்றவரை வெளியே தள்ளியிருக்கிறேன்.

அப்படியானால் சித்திப் புள்ளியைக் கழித்துவிட்டு, அதற்கும் உச்சத்துக்கும் இடையில் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் சரியாகுமா?

பழைய பதிவாளர்:

போட்டுப் பாருங்கள். பிரித்தானியப் பட்டத்தில் சித்தி 40. 66இலிருந்து 40 போனால் 26, அதை 60ஆல் வகுத்தால் 43 வீதம். இங்கே சித்தி 2.00. 3.42இலிருந்து அதைக் கழித்து 2ஆல் வகுத்தால் 71 வீதம். இடைவெளி 19.5 புள்ளியாக இருந்தது, இப்போது 28. இன்னும் மோசம். சித்தியும் உச்சமும் தெரிந்தால் போதாது. நடுவில் மாணவர்கள் எங்கே குவிகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். அதற்கு நம் கையில் உள்ள ஒரே தடயம் அந்தந்தப் பல்கலைக்கழகம் தானே போட்ட வகுப்பு எல்லைகள். பெறுபேற்றுத் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே சிறிய எழுத்தில் இருக்கும்.

பண்டாரவளை டீச்சர்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் வெளிவாரியாகப் படித்து பி.ஏ. முடித்தவள், பொதுப் பட்டம். காலையில் தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பேன், சனி ஞாயிறில் வகுப்புக்குப் போவேன். வகுப்புச் சித்தி கிடைக்கவில்லை. நீங்கள் சொல்கிற முறையில் என் பட்டத்தை ஆசிரியர் தரம் உயர்வுக்கு ஏற்பார்களா? எங்கே விண்ணப்பித்தாலும் "வகுப்பு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

பழைய பதிவாளர்:

டீச்சர், தரம் உயர்வு வேறு கதை. அதற்குச் சேவைப் பிரமாணம் இருக்கிறது, வலயக் கல்வி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். ஆனால் உங்கள் கேள்வியில் இவர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். அது படிப்பின் அளவைப் பற்றிய வித்தியாசம். புள்ளியைக் கூட்டிக் குறைத்து அதைச் சரிக்கட்டப் போகக் கூடாது. விளம்பரத்தில் "பட்டம்" என்று மட்டும் போட்டிருந்தால் இரண்டும் பட்டம்தான். வந்த பிறகு சிறப்புப் பட்டம்தான் வேண்டும் என்று நினைப்பது விளையாட்டின் நடுவில் விதியை மாற்றுவது.

கொட்டகலைக்காரி:

எங்கள் விளம்பரத்தில் பட்டம் என்று மட்டும்தான் இருக்கிறது. டீச்சர், உங்களைப் போல நான்கு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள்.

சேர், இப்போது நிரல்களை மாற்றிவிட்டேன். F முதலாம் வகுப்பு தொடங்கும் எல்லை, G மேற்பிரிவு, H கீழ்ப்பிரிவு. ஒவ்வொருவருக்கும் அவரவர் தாளில் உள்ளதை எழுதினேன். 3.42காரருக்கு 3.70, 3.30, 3.00. பிரித்தானியப் பட்டத்துக்கு 70, 60, 50. 4.2க்கு ஜீ.பி.ஏ. போட்ட ஒருவரும் இருக்கிறார், அவர் தாளில் 3.80, 3.30, 2.70. நல்லவேளை பார்த்தேன், முதலில் அவரையும் 4ஆல்தான் வகுத்திருந்தேன்.

```
=IF(C2>=F2,4,IF(C2>=G2,3,IF(C2>=H2,2,1)))
```

3.42க்கும் 66க்கும் இப்போது 3 வருகிறது. ஆனால் 2009காரருக்கு 4 வருகிறது! அவர் கீழ்ப்பிரிவு. முதலாம் வகுப்பு எப்படி வரும்?

எக்செல் மாமா:

C நிரலில் "இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு" என்று எழுத்தாகவே அடித்திருப்பீர்கள். ஒப்பிடும்போது எக்செலுக்கு எந்த எழுத்தும் எந்த எண்ணையும் விடப் பெரியது. அதனால் முதல் படியிலேயே தேறிவிடுகிறார். எல்லை எழுத மறந்த வரிசையிலும் இதே கூத்துதான். வெற்றுக் கட்டத்தைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டு எல்லாரையும் முதலாம் வகுப்பாக்கிவிடும். நான்கு கட்டமும் எண்ணாக இருந்தால் மட்டும் கணக்கிடச் சொல்லுங்கள்:

```
=IF(COUNT(C2,F2:H2)=4,IF(C2>=F2,4,IF(C2>=G2,3,IF(C2>=H2,2,1))),"பார்க்க")
```

"பார்க்க" என்று வருவதை நீங்களே தாளைப் பார்த்துக் கையால் போடுங்கள். 2009காரருக்கு 2. சான்றிதழில் வகுப்பு தெளிவாக இருக்கும்போது சூத்திரம் எதற்கு?

கொட்டகலைக்காரி:

நன்றி மாமா. இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டுச் சான்றிதழில் "முதல் வகுப்பு" என்று இருக்கிறது. அவருக்கு 4 தானே?

பழைய பதிவாளர்:

சொல் ஒன்று, பொருள் வேறு. இந்தியாவில் பொதுவாக 60 வீதத்தில் முதல் வகுப்பு தொடங்கிவிடும். அதற்கு மேலே சிறப்புத் தகுதியுடன் முதல் வகுப்பு என்று இன்னொரு படி இருக்கும். நான் F நிரலில் அந்தச் சிறப்புத் தகுதி எல்லையையும் G நிரலில் முதல் வகுப்பு எல்லையையும் போடுவேன். பிரித்தானியாவில் மேற்படிப்புக்கு மேற்பிரிவு கேட்கும் பல பல்கலைக்கழகங்கள் இந்திய விண்ணப்பதாரியிடம் 60ஐயோ அதற்குச் சற்று மேலோ ஏற்கின்றன. அதனால் இது நியாயம் என்று நினைக்கிறேன். 7.4ஐ 74 வீதம் என்றும் எழுதாதீர்கள். பத்தால் பெருக்கும் பல்கலைக்கழகமும் உண்டு, அரைப் புள்ளி கழித்துவிட்டுப் பெருக்குவதும் உண்டு. எல்லையும் 10க்கு இருக்கிறது, அவர் பெற்றதும் 10க்கு இருக்கிறது. அப்படியே ஒப்பிட்டால் போயிற்று.

தலவாக்கலை தம்பி:

எனக்கு இது ஒத்துவரவில்லை. என் நண்பன் சென்னையில் படித்தவன், முதல் வகுப்பு. அவன் படித்த இடத்தில் அதை வாங்குவது சும்மா இல்லை. இங்கே வந்து "நீ இரண்டாம் வகுப்புக்குச் சமம்" என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்?

பழைய பதிவாளர்:

அவனிடம் யாரும் அப்படிச் சொல்லப் போவதில்லை தம்பி. உங்கள் வருத்தம் நியாயம்தான். அதே நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் முதல் வகுப்பும் இன்னொன்றின் முதல் வகுப்பும் சமமா என்றால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்த 4, 3, 2, 1ஐ வாசலில் மட்டும் வைக்கச் சொல்கிறேன். 2உம் அதற்கு மேலும் வருகிற எல்லாரும் உள்ளே என்று வைத்தால் உங்கள் நண்பன் 3ஆ 4ஆ என்பதால் எதுவும் மாறாது. மொத்தப் புள்ளியுடன் கூட்டினால்தான் வம்பு.

கொட்டகலைக்காரி:

2உம் அதற்கு மேலும் என்று வைத்தால் 37 பேர் நிற்கிறார்கள் சேர். வகுப்பில்லாத பொதுப் பட்டக்காரர்களையும் சேர்த்தால் 41. பத்து நேர்முகத்துக்கு இது எப்படி?

பழைய பதிவாளர்:

அந்த 41 பேருக்கும் அரை மணி நேர எழுத்து வேலை ஒன்று கொடுங்கள். லயத்து வீட்டுப் பார்வையின் குறிப்பு ஒன்றைக் கொடுத்து அதிலிருந்து ஒரு பக்க அறிக்கை எழுதச் சொல்லுங்கள். பெயரை மறைத்து இரண்டு பேர் திருத்தட்டும். பத்துப் பேர் தானாக வருவார்கள்.

கொட்டகலைக்காரி:

முகாமையாளர் ஒத்துக்கொண்டார், சனிக்கிழமை எழுத்து வேலை. ஒருவர் மட்டும் மிச்சம். ஜீ.பி.ஏ. 3.36, தாளில் மேற்பிரிவு எல்லை 3.30, ஆனால் சான்றிதழில் வகுப்பு இல்லை. கேட்டால் சுகமில்லாமல் ஒரு பாடத்தை மறுபடி எழுதினாராம். எங்கள் சூத்திரம் 3 கொடுக்கிறது, சான்றிதழ் 1 என்கிறது.

பழைய பதிவாளர்:

மறுபடி எழுதினாலோ காலம் தாழ்த்தி முடித்தாலோ வகுப்பைக் கொடுக்காத விதி பல இடங்களில் உண்டு. மறுபடி எழுதிய பாடத்துக்கு சி தரத்துக்கு மேல் கொடுக்காததும் உண்டு. அதையும் தாண்டி 3.36 என்றால் ஆள் சுமாரில்லை. நான் 3ஐ எடுப்பேன்.

எக்செல் மாமா:

நான் எடுக்க மாட்டேன். அப்படியானால் 2009காரருக்கும் இலக்கம் கேட்டுப் பார்க்க வேண்டும், அவருக்கும் இப்படி ஒரு கதை இருக்கலாம்.

கொட்டகலைக்காரி:

மாமா சொன்னதற்காக 2009காரருக்கு அழைப்பெடுத்தேன். விரிவான பெறுபேற்றுத் தாள் பதுளையில் அம்மா வீட்டில் இருக்கிறதாம், திங்கள் கொண்டுவருகிறேன் என்றார். இருவரையுமே சனிக்கிழமை எழுத வரச் சொல்லியிருக்கிறேன்.